வீடு பார்க்க வருபவர்கள் எந்த இடத்தில் திரும்புகிறார்கள்? அங்கிருந்து பழுதைத் தேடுங்கள்

மடிப்பாக்கத்தில் எங்களுக்கு முதல் மாடியில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, 820 சதுர அடி, கட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய குடித்தனக்காரர் காலி செய்த பிறகு மூன்று வாரத்தில் பதினோரு குடும்பங்கள் வந்து பார்த்தன. வாடகை அந்தத் தெருவின் மற்ற வீடுகளுக்குச் சமம்தான். தண்ணீருக்கும் பிரச்சினை இல்லை. ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் ஹாலில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம் சார்" என்று படி இறங்கினார்கள். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பன்னிரண்டாவது குடும்பம் வருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். அதுவரை வந்தவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், எங்கே முகம் மாறியது, கை எதைத் தொட்டது என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பெரும்பாலோர் ஒரே மூன்று இடங்களில்தான் தயங்கியிருந்தார்கள். வீட்டை அலங்கரிக்க வேண்டும் என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவன் அந்தத் தாளைப் பார்த்ததும் அதை ஓரமாக வைத்தேன். முதலில் செய்ய வேண்டியது பழுது பார்ப்பதுதான்.

அதனால் இதை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஆட்கள் திரும்பும் இடம் எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: கதவைத் திறந்ததுமே முகம் சுளிக்கிறார்கள்

பூட்டிக் கிடக்கும் வீட்டில் வரும் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் குளியலறைத் தரையில் இருக்கும் டிராப். தண்ணீர் வெளியே போகும் துளைக்குக் கீழே, வளைந்த பகுதியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைப்பது அந்தத் தண்ணீர்தான். வீட்டில் ஆள் இருக்கும்வரை அது தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாமல் சில வாரங்கள் போனால், அதுவும் சென்னை வெயிலில், ஆவியாகிவிடும். அப்புறம் சாக்கடைக் காற்றும் கரப்பானும் அந்த வழியாகத் தாராளமாக வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஜாலியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பளபளவென்று தெரியவில்லை என்றால் டிராப் காய்ந்துவிட்டது. அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். குளியலறை, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம், பால்கனி என்று எல்லாத் துளைகளுக்கும் ஊற்ற வேண்டும். ஒன்றை விட்டாலும் நாற்றம் போகாது. சிங்க், வாஷ் பேசின் குழாய்களையும் ஒரு நிமிஷம் திறந்து விடுங்கள். வீடு இன்னும் சில வாரம் பூட்டிக் கிடக்கும் என்றால் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடலாம். அது மேலே படர்ந்து நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

தண்ணீர் ஊற்றி ஒரு நாள் ஆன பிறகும் நாற்றம் இருந்தால், அலமாரிகளையும் லாஃப்டையும் திறந்து பாருங்கள். பூச்சி உருண்டை வாடையும் பழைய நியூஸ்பேப்பர் வாடையும் அங்கேதான் தங்கும். பேப்பரையெல்லாம் எடுத்துவிட்டு, கதவுகளை இரண்டு நாள் திறந்தே வையுங்கள்.

ஊதுபத்தியும் ரூம் ஸ்பிரேயும் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் நான் சாம்பிராணி போட்டு வைத்த அன்றைக்கு வந்த அம்மா, நேராகக் குளியலறைக்குப் போய் மூக்கைத் தாழ்த்தி முகர்ந்து பார்த்தார். எதையோ மறைக்கிறார்கள் என்று வாசனையே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

அறிகுறி: பகலிலும் ஹாலில் சுவிட்ச் எங்கே என்று தேடுகிறார்கள்

எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை இதுதான். ஹாலுக்கு இருப்பது ஒரே ஜன்னல். அது மேற்குப் பார்த்தது. அதற்கு எதிரே ஆறடி தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். சென்னையில் இப்படி ஃபிளாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இதற்கெல்லாம் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெளிச்சம் வரும் வழியில் ஒவ்வொரு தடையாக எடுத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு மீட்க முடியும் என்று தெரிந்தது.

முதலில், வீடு காட்டும் நேரம். வேலைக்குப் போகிறவர்கள் ஆபீஸ் முடிந்து சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறேன் என்பார்கள். நானும் சரி சரி என்று திறந்து காட்டினேன். பதினோரு பேரில் எட்டுப் பேர் இந்த ஹாலை டியூப்லைட்டில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஜன்னல் ஒரு கறுப்புச் சதுரம்.

உங்கள் ஜன்னலுக்கு எந்த நேரம் நல்லது என்று கண்டுபிடிக்க, மணிக்கு ஒருமுறை ஒரே இடத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் போன் கேமரா இருட்டைத் தானாகவே வெளிச்சமாக்கிக் காட்டும். அதை நிறுத்தினால்தான் ஒப்பிட முடியும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். ஆனால் அந்தப் பூட்டு கேமராவை மூடினால் போய்விடும் என்பதால், மணிக்கணக்கில் ஒப்பிட அது உதவாது. அதற்குப் பழைய முறையே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து, மணிக்கு ஒருமுறை ஹாலின் உள் மூலையில் நின்று, விளக்கு போடாமல், செய்தித்தாளின் சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எந்த மணியிலிருந்து எந்த மணி வரை சிரமமில்லாமல் படிக்க முடிகிறதோ, அதுதான் நீங்கள் வீடு காட்ட வேண்டிய நேரம்.

கிழக்கு ஜன்னலுக்குக் காலை எட்டிலிருந்து பத்து, மேற்குக்குச் சாயங்காலம் மூன்றரைக்கு மேல் என்பது பொதுக் கணக்கு. இரண்டு கட்டடத்துக்கு நடுவில் இருக்கும் சந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சூரியன் தலைக்கு மேல் வரும்போதுதான் வெளிச்சம் இறங்கும். எங்கள் ஹாலுக்கு அது 11:30-இலிருந்து 1:30 வரை. தெற்கு ஜன்னலுக்குப் பருவமும் சேர்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் தெற்கு பால்கனி வழியாக வெயில் ஹாலுக்குள் நன்றாகவே நீண்டு விழும். ஜூனில் அதே பால்கனியில் வெயிலே படாது.

இரண்டாவது, கொசு வலை. நேரத்துக்கு அடுத்தபடியாக அதிக வெளிச்சத்தைத் தின்றது இதுதான். போனில் AE/AF LOCK போட்டுவிட்டு, வலையோடு ஒரு போட்டோ, வலையை விலக்கி ஒரு போட்டோ என்று அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். எங்கள் வலையில் நாலு வருஷத்துத் தூசியும் சமையல் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, விரலால் தொட்டால் சாம்பல் மாதிரி ஒட்டியது. வெல்க்ரோ வலை என்றால் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கிழிந்து தொங்கும் வலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுங்கள். சென்னையில் வலை இல்லாத ஜன்னலைக் குடித்தனம் வருபவர்கள் ஏற்க மாட்டார்கள் என்பதால், கழற்றி அப்படியே விட்டுவிடவும் முடியாது.

மூன்றாவது, ஜன்னலைச் சுற்றியுள்ள நிறம். ஜன்னலின் பக்கவாட்டுச் சுவர், அடிக்கட்டை, மேலே சன்ஷேடின் அடிப்பக்கம், கம்பி ஆகிய நாலையும் யாரும் கவனிப்பதில்லை. எங்கள் கம்பி அடர்ந்த பிரவுன். சன்ஷேட் அடியில் கரும்பாசி. வெளியிலிருந்து வரும் வெளிச்சம் முதலில் படுவது இவற்றின் மேல்தான். கம்பிக்கு வெள்ளை எனாமல், மற்ற மூன்றுக்கும் பாசியைச் சுரண்டிக் காயவிட்டு வெள்ளை பெயிண்ட். அரை நாள் வேலைதான்.

இதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் எதிர்ச் சுவர் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டுச் சுவர், சிமெண்ட் பூச்சோடு நின்று போனது. மழை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்த ஒரே காட்சி அதுதான். அந்த வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அம்மா, எங்க ஜன்னலுக்கு எதிர்ல இருக்கற உங்க சுவருக்கு ஒரு கோட் வெள்ளை அடிச்சுத் தரட்டுமா? செலவு என்னோடது."

"சும்மாவே அடிச்சுத் தர்றேன்னா வேண்டாம்னா சொல்லப்போறேன்? அடிச்சுக்கோப்பா. ஆனா கீழ என் செம்பருத்தி இருக்கு. அது மேல ஒரு சொட்டு விழக் கூடாது."

செம்பருத்திக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, பாசி நீக்கி, வெளிச்சுவருக்கான வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தார் பெயிண்டர். மதியத்துக்குச் சற்று முன்னால் சந்துக்குள் இறங்கும் வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி ஹாலுக்குள் வந்ததை அடுத்த நாள் பார்த்தேன். சோபா இருந்த மூலையில் என் கையின் நிழல் லேசாகத் தரையில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மூலையில் பகல் நேரத்து நிழலை நான் பார்த்ததே இல்லை.

கடைசியாக உள்சுவர். ஜன்னலுக்கு எதிரே இருந்த சுவரை முந்தைய குடித்தனக்காரர் எங்களைக் கேட்டுவிட்டு அடர் ஊதாவாக்கியிருந்தார். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் படும் வெளிச்சத்தில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். அந்த மாதிரி அடர் நிறம் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒரே சுவரைத்தான் மாற்ற முடியும் என்றால் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரை மாற்றுங்கள். அடர் நிறத்தின் மேல் நேராக வெள்ளை அடித்தால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். ஒரு கோட் பிரைமர், அது காய்ந்ததும் இரண்டு கோட் எமல்ஷன்.

என்ன வெள்ளை என்பதும் முக்கியம். தூய வெள்ளை, வெளிச்சம் குறைந்த அறையில் நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்து ஆஸ்பத்திரி ஞாபகத்தைக் கொண்டுவரும். கிரீம் அதிகமானால் மஞ்சள் பல்பில் பழைய வீடு போல ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் லேசான சூடு உள்ள ஆஃப் ஒயிட்டாக எடுங்கள். ஷேட் கார்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சின்ன டப்பா வாங்கி, இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் மாலையிலும் பாருங்கள். பளபளப்பு அதிகமுள்ள வகை வேண்டாம். பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது சுவரின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: ஆள் வைத்துக் கழுவியும் அழுக்கு வீடு போலவே தெரிகிறது

அழுக்கு போயிருக்கும். போகாமல் நிற்பது உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் காய்ந்ததும் குழாயிலும் டைல்ஸிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிகிறது. சோப்பு இதைக் கரைக்காது. அமிலம்தான் கரைக்கும். ஆனால் எந்த அமிலம், எதன் மேல் என்பதில்தான் பலரும் வீட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

குழாய்க்கு வெள்ளை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி விடுங்கள். ஷவர் தலையில் அடைத்த துளைகளுக்கு, ஒரு கவரில் வினிகர் ஊற்றி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு பழைய டூத்பிரஷ், நல்ல தண்ணீர், கடைசியில் உலர்ந்த துணி. அந்த உலர்ந்த துணியைத் தவிர்த்தால் அதே தண்ணீர் காய்ந்து அதே கறை திரும்ப வரும். வேலை முடிந்த அடையாளம்: குழாயில் ஜன்னல் தெரிய வேண்டும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் குழாய் மேல் ஊற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். உடனே பளிச்சென்று ஆகும், உண்மைதான். கூடவே மேலே உள்ள குரோம் பூச்சும் அரிக்கும், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் கரையும். இடுக்கு கரைந்தால் கீழ் வீட்டுக்குக் கசிவு போய்ச் சேரும். இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில் ஒரே குளியலறையில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். வேலைக்கு வருபவர்களிடம் இதைச் சொல்லியே அனுப்புங்கள்.

தரை டைல்ஸ் துடைத்த பிறகும் மங்கலாக, கால்தடம் பதிகிற மாதிரி இருந்தால், அது பெரும்பாலும் துடைக்கும் திரவம் அளவுக்கு மேல் போட்டதால் படிந்த ஏடு. வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, மூன்றாம் முறை ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன டம்ளர் வினிகர் கலந்து துடைத்து உலரவிடுங்கள்.

எங்கள் பழைய வீடு போல மொசைக் தரை என்றால் இந்த வினிகர் வேண்டவே வேண்டாம். மொசைக் என்பது சிமெண்டில் பதித்த பளிங்குச் சில்லுகள். இரண்டையுமே அமிலம் தின்னும். அது மங்கினால் மெஷின் பாலிஷ் போடுவது ஒன்றே வழி. பாலிஷில் குழம்பு போலச் சேறு வரும் என்பதால், பெயிண்டுக்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிடுங்கள். பளிங்குக்கும் இதே எச்சரிக்கைதான்.

கதவில் குழந்தைகள் ஒட்டிய ஸ்டிக்கர்களைச் சுரண்டினால் பெயிண்ட் பெயர்ந்து வரும். தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டால், மழுங்கிய பிளாஸ்டிக் அட்டையால் தள்ளியே எடுத்துவிடலாம். பிறகு சோப்புத் தண்ணீரில் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லோரும் சுவரில் ஒரே இடத்தையே பார்க்கிறார்கள்

இது இரண்டு விதம். ஆணித் துளை, காலண்டர் தடம், சுவிட்ச் பக்கத்தில் கைக் கறை என்றால் மேல்பூச்சுப் பிரச்சினை. துளையைப் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் தொட்டு, மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவருக்கும் ஒரு கோட் அடியுங்கள். துளை இருந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால், அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும்.

பெயிண்ட் உப்பியிருக்கிறது, உப்பு பூத்து வெள்ளைத் தூளாக உதிர்கிறது என்றால் சுவரில் ஓதம். அதன் மேல் பெயிண்ட் அடித்து வீடு காட்டாதீர்கள். அடுத்த மழையில் திரும்ப வரும். அப்போது குடிவந்தவர் குழந்தையோடு அந்த அறையில் படுத்திருப்பார். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் ஈரம் பூத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றில் உள்ள ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகும்.

எங்கள் சின்னப் படுக்கையறையில் உள்பக்கம்தான் ஈரமாக இருந்தது. குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்து, சுவர் காய்வதற்கு மூன்று வாரம் விட்டோம். அதுவரை வந்தவர்களிடம் அந்த இடத்தைக் காட்டி, என்ன கோளாறு, என்ன செய்தோம், எப்போது பெயிண்ட் வரும் என்று நாங்களே சொன்னோம்.

அறிகுறி: அறை சின்னது என்கிறார்கள், அளந்தால் சின்னதில்லை

காலி அறையில் கண்ணுக்கு அளவுகோல் கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்பது வெறும் தரையைப் பார்த்துத் தெரியாது. அதற்காக வீடு முழுக்க சாமான் வாங்கிப் போட வேண்டியதில்லை. ஒரு அறைக்கு ஒரு பொருள் போதும், அளவைச் சொல்லும் பொருளாக இருக்க வேண்டும். படுக்கையறையில் கட்டில் இல்லாவிட்டால் ஐந்தடிக்கு ஆறே கால் அடி அளவில் ஒரு கோரைப்பாய் விரியுங்கள். இரட்டைக் கட்டிலின் இடம் அதுதான். வந்தவர்கள் பாயைச் சுற்றி நடந்து பார்த்துக்கொள்வார்கள். ஹாலில் ஒரு சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. ஜன்னல் பக்கமாக வையுங்கள், ஆனால் ஜன்னலை மறைக்காமல்.

இதையெல்லாம் ஏன் வெளிர் நிறத்தில், பூப்போடாமல் வைக்க வேண்டும் என்றால், வருபவர் மனசுக்குள் தன் சோபாவையும் தன் சாமி படத்தையும் அங்கே வைத்துப் பார்க்கிறார். உங்கள் சிவப்பு மெத்தை விரிப்பு அந்தக் கணக்கில் குறுக்கே நிற்கும். வெள்ளை, மணல் நிறம், கோரை நிறம், மரம். ஒரு தொட்டிச் செடியின் பச்சை. அதற்கு மேல் வேண்டாம்.

திரைச்சீலையில் பலரும் செய்யும் தவறு ஒன்று. கம்பியை ஜன்னல் அகலத்துக்கே மாட்டுகிறார்கள். திரையைத் திறந்தாலும் இரண்டு பக்கமும் சுருண்டு நின்று கண்ணாடியில் கால்வாசியை மறைத்துவிடும். கம்பி இரு பக்கமும் முக்கால் அடி வெளியே நீளட்டும், திறந்ததும் துணி சுவரின் மேல் போய் ஒதுங்கிக்கொள்ளும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி. எதிர்ச் சுவர் தெரியக் கூடாது என்பவர்களுக்கும் அதுவே போதும், வெளிச்சம் வடிந்து வரும்.

அறிகுறி: போட்டோ போட்டும் போன் வரவில்லை, அல்லது வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள்

போன் வரவில்லை என்றால் விளக்கு நிறத்தைப் பாருங்கள். வெள்ளை டியூப்லைட், மஞ்சள் பல்பு, ஜன்னல் வெளிச்சம் மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் சுவர் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் ஆரஞ்சாகவும் விழும். சுத்தமான சுவர்கூடக் கறை படிந்தது போலத் தெரியும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, நீங்கள் கண்டுபிடித்த அந்த நல்ல நேரத்தில், ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நின்று எடுங்கள். போன் நெஞ்சு உயரத்தில், நேராக. கதவின் நிலை படத்தில் சாயாமல் நின்றால் சரி.

வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள் என்றால் நீங்கள் அகலக் கோணத்தில், அதாவது 0.5-இல், எடுத்திருப்பீர்கள். பத்தடி அறை மண்டபம் மாதிரித் தெரியும். அதை நம்பி குரோம்பேட்டையிலிருந்து வண்டியில் வந்தவர் வாசலிலேயே மனசு விட்டுவிடுவார். சாதாரண 1-இல் எடுங்கள், ஒரு அறைக்கு இரண்டு படம் போடுங்கள், அறையின் அளவையும் அடியில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: பழையவர் இன்னும் குடியிருக்கிறார், சாமான் நிறைந்திருக்கிறது

இங்கே உங்களுக்கு உரிமை குறைவு. அது அவர்கள் வீடு. முந்தின நாளே போன் செய்து நேரம் கேளுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரு மணி நேரம் என்று முடிவு செய்து, பார்க்க வேண்டியவர்களை எல்லாம் அந்த ஒரு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அவர்களிடம் கேட்கக் கூடியது மூன்றுதான்: திரையைத் திறந்து வைப்பது, ஜன்னல் கட்டையில் இருக்கும் சாமானை எடுப்பது, சிங்க்கைக் காலியாக வைப்பது. அவர்களுடைய படுக்கையறையைப் போட்டோ எடுக்காதீர்கள். சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்றால் உங்கள் செலவில் அனுப்புங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் யாரும் எடுக்கவில்லை

வந்தவர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் வீட்டுக்குள் இருந்து, அலமாரியைத் திறந்து பார்த்து, மெத்தை எங்கே போடலாம் என்று பேசிய பிறகும் திரும்பி வரவில்லை என்றால், வீட்டின் தோற்றத்தில் இனித் தேடாதீர்கள். அட்வான்ஸ், வண்டி நிறுத்த இடம், மாடி ஏற முடியாத பெரியவர்கள், ஸ்கூல் தூரம் என்று காரணம் வேறு எங்கோ இருக்கிறது. புரோக்கரை விட்டு ஒரு வார்த்தை கேட்கச் சொன்னால் உண்மையைச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டாவதாக வந்தவர்கள் ஒரு சனிக்கிழமை 11:45-க்கு வந்தார்கள். நான் 11 மணிக்கே போய் ஜன்னல்களைத் திறந்து, டிராப்களுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு விளக்கும் போடாமல் வைத்திருந்தேன். அந்தப் பெண் ஹாலைக் கடந்து ஜன்னலுக்குப் போனார், கட்டையில் விரலை இழுத்துப் பார்த்தார். கணவர் சின்ன அறையில் ஓதம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் எப்போ சார் அடிப்பீங்க?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். அந்தத் தேதிக்கு அடுத்த ஞாயிறு பால் காய்ச்சினார்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அவர்கள் போன பிறகு, இன்னும் இரண்டு வாரம் வீடு பூட்டிக் கிடக்கப் போகிறதே என்று, எல்லாத் துளைகளுக்கும் மறுபடி அரை வாளித் தண்ணீரும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன்.